வாரச் சம்பளக் கணக்கு: கொத்தனார், சித்தாள், நாள் ரேட், அட்வான்ஸ் பிடித்தம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் வீட்டு வேலை எடுத்துச் செய்யும் மேஸ்திரிகளுக்கும், அவர்களிடம் வேலை கொடுத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் இந்தப் பக்கம். ஏழு பேர் கொண்ட ஒரு செட், ஒரு வாரம், ஒரு பில் என்று ஒரே கணக்கைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ராமமூர்த்தி நகர் பக்கம் முதல் மாடிக்கு ஆறு இஞ்ச் பிளாக் கட்டும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேட் கணக்குக்காக எடுத்தது: கொத்தனாருக்கு நாளுக்கு 1,100 ரூபாய், உதவியாளுக்கு 750 ரூபாய். உங்கள் ஏரியா ரேட் வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது.

மூணு கொத்தனார், நாலு உதவியாள், ஆறு நாள். இதைப் பெருக்கினாலே பில் வந்துடாதா?

வராது. அப்படிப் பெருக்கினால் கொத்தனாருக்கு 19,800, உதவியாளுக்கு 18,000, மொத்தம் 37,800 ரூபாய் வரும். ஏழு பேரும் ஆறு நாளும் முழுதாக வந்திருந்தால் மட்டுமே அது சரி. சைட்டில் அப்படி ஒரு வாரம் அமைவது அபூர்வம். ஒருவர் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டுச் செவ்வாய்க்கிழமை வருவார், இன்னொருவருக்கு வியாழன் மதியத்துக்கு மேல் ரேஷன் கடை இருக்கும்.

ஆள் எண்ணிக்கையை விட்டுவிட்டு ‘ஆள்-நாள்’ எண்ணுங்கள். நாம் எடுத்த வாரத்தில் மூன்று கொத்தனாரும் சேர்ந்து 16½ நாள், நாலு உதவியாளும் சேர்ந்து 21½ நாள் வேலை செய்திருக்கிறார்கள். 16½ × 1,100 = 18,150. 21½ × 750 = 16,125. மொத்தக் கூலி 34,275 ரூபாய். தலையை எண்ணிப் போட்ட கணக்கைவிட இது 3,525 குறைவு. அந்தத் தொகையை வீட்டுக்காரர் அதிகமாகக் கொடுத்திருந்தால், என்றாவது ஒரு நாள் பழைய நோட்டைப் புரட்டும்போது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் போடும் சரியான பில்லையும் அவர் நம்ப மாட்டார்.

அரை நாள், கால் நாள் எல்லாம் எப்படிக் குறிக்கிறது? மழை வந்து நின்னுட்டா?

காலை 9 மணி முதல் மாலை 6 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு என்றால் வேலை நேரம் 8 மணி. அதை நாலாகப் பிரித்தால் இரண்டு மணி நேரம் ஒரு கால் நாள். கொத்தனாருக்குக் கால் நாள் 275, உதவியாளுக்கு 187.50. டீ நேரத்தைக் கழிக்கும் பழக்கம் வேண்டாம். பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய், நாள் முழுக்க வேலையில் வேகம் போய்விடும்.

ஆஜர் நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். முழு நாளுக்கு 1, அரை நாளுக்கு ½, வராத நாளுக்கு 0. கட்டத்தைக் காலியாக மட்டும் விடாதீர்கள். காலிக் கட்டம் ‘வரவில்லை’ என்பதா, ‘எழுத மறந்தது’ என்பதா என்று சனிக்கிழமை யாராலும் சொல்ல முடியாது. எழுதும் நேரமும் முக்கியம். சாப்பாட்டு மணிக்கு ஒரு தடவை, வேலை முடியும்போது ஒரு தடவை, அன்றன்றே எழுதிவிட வேண்டும். வாரக் கடைசியில் ஞாபகத்தில் இருந்து எழுதும் நோட்டில் ஒரு அரை நாளாவது தப்பாக விழும்.

பெங்களூரில் மே மாதத்திலும், செப்டம்பர், அக்டோபரிலும் மூன்று மணிக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். பூச்சு வேலை நின்றுவிடும், உள்ளே பிளாக் ஏற்றும் வேலை நடக்கும். மாற்று வேலை கொடுத்துச் செய்யவைத்தால் அது முழு நாள்தான். வேலையே இல்லாமல் அனுப்பினால் செய்த நேரத்துக்குக் கால் கணக்கில் போடலாம். ஆனால் அதை வேலை தொடங்கும் முதல் நாளே ஆட்களிடமும் வீட்டுக்காரரிடமும் பேசி வைத்திருக்க வேண்டும். மழை விட்ட பிறகு பேசினால் அது சண்டையில்தான் முடியும்.

பில்லை எந்த வரிசையில போடணும்? முழுசா ஒண்ணு போட்டுக் காட்டுங்க.

முதலில் ரேட்டை நாளால் பெருக்கி முழுக் கூலி. அடுத்து வாரத்து நடுவில் கொடுத்த செலவுக் காசு. அதற்குப் பிறகு பழைய அட்வான்ஸில் இந்த வாரம் பிடிப்பது. கடைசியில் கையில் கொடுப்பது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

| ஆள் | ரேட் | நாள் | கூலி | செலவுக் காசு | அட்வான்ஸ் பிடித்தம் | கையில் |
|---|---|---|---|---|---|---|
| மூத்த கொத்தனார் | 1,100 | 6 | 6,600 | 500 | 1,500 | 4,600 |
| இரண்டாம் கொத்தனார் | 1,100 | 5½ | 6,050 | 500 | 0 | 5,550 |
| மூன்றாம் கொத்தனார் | 1,100 | 5 | 5,500 | 500 | 0 | 5,000 |
| கலவை ஆள் | 750 | 6 | 4,500 | 1,000 | 0 | 3,500 |
| முதல் சித்தாள் | 750 | 6 | 4,500 | 300 | 0 | 4,200 |
| இரண்டாம் சித்தாள் | 750 | 5 | 3,750 | 300 | 0 | 3,450 |
| மூன்றாம் சித்தாள் | 750 | 4½ | 3,375 | 300 | 500 | 2,575 |
| மொத்தம் | | 38 | 34,275 | 3,400 | 2,000 | 28,875 |

மூத்த கொத்தனார் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக 10,000 வாங்கியிருந்தார், வாரம் 1,500 பிடிப்பதாகப் பேச்சு. போன இரண்டு வாரத்தில் 3,000 கழிந்து 7,000 பாக்கி இருந்தது, இந்த வாரத்தோடு 5,500. மூன்றாம் சித்தாள் வாங்கியது 4,000, வாரம் 500. பாக்கி 3,500-ஆக இருந்தது, இப்போது 3,000. பில்லின் அடியிலேயே ‘பழைய பாக்கி, இன்று பிடித்தது, இனிப் பாக்கி’ என்று இந்த மூன்று எண்ணையும் எழுதிவிடுங்கள்.

பலர் செய்யும் தப்பு, கூலியை எழுதாமல் நேராகக் ‘கையில் 4,600’ என்று மட்டும் எழுதுவது. மூன்று வாரம் கழித்து அந்த 4,600 எப்படி வந்தது, அதில் அட்வான்ஸ் கழிந்ததா இல்லையா என்று கொத்தனார் கேட்டால் பதில் சொல்ல நோட்டில் எதுவும் இருக்காது. பிடித்தது சிறு தொகையாக இருந்தாலும் பிடிப்பதற்கு முந்தின கூலி தனிக் கட்டத்தில் நிற்க வேண்டும்.

புதன்கிழமை கொடுக்கிற செலவுக் காசும் அட்வான்ஸ்தானே? ஏன் ரெண்டு கட்டம்?

புதன் சாயங்காலம் வரும்போது கொத்தனார் மூன்று நாள் வேலை செய்து 3,300 ரூபாய் சம்பாதித்து முடித்திருக்கிறார். அன்று அவருக்குக் கொடுக்கும் 500, அவர் ஏற்கெனவே உழைத்த கூலியில் ஒரு பகுதி. அதை அந்த வாரத்திலேயே முழுதாகக் கழித்து முடித்துவிட வேண்டும், அடுத்த வாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுத்த 10,000 அப்படியில்லை. அது இன்னும் செய்யாத வேலைக்கு முன்கூட்டிக் கொடுத்த கடன், தவணையாகத்தான் தீரும்.

இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் கூட்டல் அந்த வாரத்துக்குச் சரியாகத்தான் வரும். குழப்பம் அடுத்த வாரத்தில் வரும். மூத்த கொத்தனாருக்கு ‘பிடித்தது 2,000’ என்று ஒரே எண்ணாக எழுதியிருந்தால், பாக்கியை 7,000-லிருந்து 5,000 என்று யாராவது குறைத்துவிடுவார்கள். உண்மையில் பழைய கடனில் கழிந்தது 1,500 மட்டுமே. 500 ரூபாய் காணாமல் போகும், எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. வாரா வாரம் இப்படிப் போனால், கொத்தனார் தன் கடன் தீர்ந்துவிட்டது என்று நம்பும் நாளில் மேஸ்திரியின் நோட்டில் இன்னும் சில ஆயிரம் நிற்கும். இருவரும் அவரவர் பக்கம் உண்மையைத்தான் சொல்வார்கள்.

ஓனர்கிட்ட நான் முன்கூட்டி வாங்கின பணத்தை பில்லுல எங்க கழிக்கணும்? சனிக்கிழமை காசு எண்ணினா மிச்சம் வருது, இல்லைனா குறையுது.

சம்பளக் கணக்கில் அதிகம் இடறும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். வீட்டுக்காரர் மேஸ்திரிக்குக் கொடுத்த அட்வான்ஸ் ஒன்று. மேஸ்திரி ஆட்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ் இன்னொன்று. இரண்டும் வேறு வேறு கணக்கு, இரண்டு தொகையும் சமமாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நம் வாரத்தில் வீட்டுக்காரர் புதன்கிழமை மேஸ்திரியிடம் 5,000 கொடுத்தார். மேஸ்திரி அதில் 3,400-ஐ ஆட்களுக்குச் செலவுக் காசாகப் பிரித்துக் கொடுத்தார், அவர் கையில் 1,600 மிச்சம். சனிக்கிழமை வீட்டுக்காரரிடம் கொடுக்கும் பில்லில் முழுக் கூலி 34,275. அதில் கழிப்பது அவர் கொடுத்த 5,000 மட்டும். அவர் தர வேண்டியது 29,275.

இப்போது மேஸ்திரி கையில் 29,275-ம் மிச்சம் 1,600-ம் சேர்ந்து 30,875. ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியது 28,875. கொடுத்து முடித்ததும் 2,000 நிற்கும். அது லாபமும் இல்லை, எண்ணியதில் வந்த பிழையும் இல்லை. மூத்த கொத்தனாரிடம் பிடித்த 1,500-ம் மூன்றாம் சித்தாளிடம் பிடித்த 500-ம்தான் அது. அந்தக் கடனை மேஸ்திரி தன் கைக்காசில் கொடுத்திருந்தால் 2,000 அவருக்குத் திரும்புகிறது. வீட்டுக்காரர் பணத்தில் கொடுத்திருந்தால் அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

தப்பு எப்படி வருகிறது என்றால், ஆட்களிடம் பிடித்த 5,400-ஐ (3,400 + 2,000) வீட்டுக்காரர் பில்லிலும் கழித்து 28,875 என்று போட்டுவிடுவார்கள். வீட்டுக்காரர் 28,875 கொடுப்பார், ஆட்களுக்கும் சரியாக 28,875 போகும், கணக்கு நேரானது போலவே தெரியும். ஆனால் மேஸ்திரி கையில் பழைய 1,600 மட்டும் நிற்கும், 2,000 வர வேண்டிய இடத்தில் 400 குறைவு. சொந்தக் காசில் கொடுத்த கடன் அவருக்கு முழுதாகத் திரும்பவில்லை. இந்தக் குறை வாரா வாரம் சேரும், வேலை முடியும்போது ‘உழைத்தேன், மிஞ்சவில்லை’ என்று நிற்க வேண்டியதுதான். ஆகவே ஓனர் பில் ஒரு தாளில், ஆட்கள் பட்டுவாடா இன்னொரு தாளில். இரண்டுக்கும் பொதுவான எண் முழுக் கூலி 34,275 ஒன்றுதான்.

மேஸ்திரியின் சொந்தக் கூலியோ, ஆளுக்கு இவ்வளவு என்று பேசிய பங்கோ இருந்தால் ஓனர் பில்லில் தனி வரியாகப் போடுங்கள். ஆள் ரேட்டுக்குள் ஒளித்து வைத்தால், ஆட்களுக்குக் கொடுக்கும் ரேட் ஒன்று, பில்லில் இருக்கும் ரேட் ஒன்று என்று ஆகும். சித்தாள் ஒருத்தி வீட்டுக்காரரிடம் தன் கூலியைச் சொன்ன அன்றைக்கு உறவு கெட்டுவிடும்.

ஒரு வாரத்துல எவ்வளவு வரைக்கும் பிடிக்கலாம்? முழுசா பிடிச்சுக்கலாமா?

முடியாது. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பிலும், ஒரு சம்பளக் காலத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது என்றுதான் இருக்கிறது. நம் சம்பளக் காலம் ஒரு வாரம், ஆகவே அந்த வாரக் கூலியில் பாதி.

செலவுக் காசு முன்கூட்டிக் கொடுத்த கூலிதானே, அதைப் பிடித்தத்தில் ஏன் சேர்க்க வேண்டும் என்று வாதிடலாம். சேர்த்துக்கொள்வதே நல்லது. சனிக்கிழமை ஆள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது எவ்வளவு என்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு முக்கியம்.

மூத்த கொத்தனார் அடுத்த வாரம் காய்ச்சலில் மூன்று நாள்தான் வந்தார் என்று வையுங்கள். கூலி 3,300, பாதி 1,650. செலவுக் காசு 500, தவணை 1,500, சேர்ந்து 2,000. வரம்பைத் தாண்டுகிறது. அந்த வாரம் தவணையில் 1,150 மட்டும் பிடித்து, மீதி 350-ஐப் பாக்கியிலேயே விடுங்கள். ‘பேசின தவணை பேசினதுதான்’ என்று 1,500-ஐயும் பிடித்தால் அவர் கைக்கு 1,300 வரும். திங்கட்கிழமையே மறுபடி அட்வான்ஸ் கேட்பார். பிடித்ததும் கொடுத்ததும் ஒன்றாகி, கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

ஊர்ல இருந்து ஆள் கூட்டிட்டு வரும்போதே கொடுத்த அட்வான்ஸ், பஸ் காசு?

திருவண்ணாமலை, தருமபுரி பக்கமிருந்து செட்டைக் கூட்டிவரும்போது இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். நோட்டில் கட்டாயம் பிரித்து எழுதுங்கள். வேலை தொடங்கும் முன் கொடுத்த பணத்தை முதல் முழுச் சம்பளக் காலத்தின் கூலியிலிருந்து பிடிக்கலாம், பயணச் செலவுக்கென்று கொடுத்ததைப் பிடிக்கவே கூடாது என்பது சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. வரும்போது ஆளுக்கு 2,000 கொடுத்து அதில் 400 பஸ் காசு என்று பேசியிருந்தால், அட்வான்ஸ் கட்டத்தில் எழுத வேண்டியது 1,600.

அட்வான்ஸ் பாக்கியோட ஊருக்குப் போயிட்டாரு. அவர் தம்பி இங்கதான் வேலை செய்றாரு, அவர் சம்பளத்துல பிடிச்சுக்கலாமா?

கூடாது. தம்பியின் கூலி தம்பி உழைத்தது, அண்ணன் வாங்கிய கடனுக்கு அது ஜவாப்தாரி இல்லை. தம்பியே முன்வந்து கொடுத்தாலும், கூலியை முழுதாக அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு, அவர் தருவதைத் தனியாக வரவு வையுங்கள். பட்டுவாடாத் தாளில் அவர் வரியில் அந்தப் பிடித்தம் வரக் கூடாது.

இன்னொன்று. ‘கடன் தீரும் வரை வேறு சைட்டுக்குப் போகக் கூடாது’ என்று ஆளைப் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். ஆதார் அட்டையையோ ஏ.டி.எம். கார்டையோ வாங்கி வைத்துக்கொள்வதும் அந்த வழிக்குத்தான் கொண்டு போகும். நஷ்டத்துக்கு ஒரே காப்பு அட்வான்ஸின் அளவு. நான்கு முதல் ஏழு வாரத் தவணையில் தீரக்கூடிய தொகைக்கு மேல் கொடுக்காதீர்கள். வாரம் 1,500 பிடிக்க முடிந்த கொத்தனாருக்கு 10,000 அந்த அளவுக்குள் வரும், 40,000 வராது.

தளம் போட்ட அன்னைக்கு ராத்திரி வரைக்கும் ஆச்சு. ஒன்றரை நாள் போட்டா போதுமா?

சைட் வழக்கம் ஒன்றரை, சட்டம் இரண்டு. எட்டு மணி நேரத்துக்கு மேல் நான்கு மணி நேரம் வேலை நடந்திருந்தால், கொத்தனாரின் மணிக் கூலி 1,100-ஐ எட்டால் வகுத்த 137.50. கூடுதல் நேரத்துக்கு அதன் இரண்டு மடங்கு, மணிக்கு 275. நான்கு மணிக்கு 1,100, அதாவது இன்னொரு முழு நாள். உதவியாளுக்கு மணிக்கு 187.50, நான்கு மணிக்கு 750. கான்கிரீட் நாளுக்கு ஓனரிடம் ரேட் பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசிவிட வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது.

ஆஜர் கட்டத்தில் அன்று ‘2’ என்று எழுதாதீர்கள். 1 என்று எழுதி, ஓ.டி. மணி நேரத்தைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வாரத்தில் ஒருவருக்கு ஏழு நாள் வந்து நிற்கும், பில்லைப் பார்ப்பவருக்கு அது திருட்டுக் கணக்காகத் தெரியும்.

எல்லா இடத்துலயும் பொம்பள ஆளுக்குக் குறைச்சல்தான். நீங்க ஏன் ஒரே ரேட் போட்டிருக்கீங்க?

கலவை ஆள் மண்வெட்டி பிடிக்கிறார். சித்தாள் அதே கலவையைச் சட்டியில் ஏந்தி மாடி ஏறுகிறார், நாள் முழுக்க. ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆண், பெண் என்று கூலியில் வித்தியாசம் காட்டக் கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது, இன்றைய ஊதியச் சட்டத்தொகுப்பிலும் அது இருக்கிறது. வேலை உண்மையில் வேறு, திறமை வேறு என்றால் ரேட் வேறாகலாம். அப்போது தாளில் வேலையின் பெயரை எழுதுங்கள், ‘ஆண்’, ‘பெண்’ என்று ரேட்டுக்குத் தலைப்புப் போடாதீர்கள்.

எக்செல்ல போட்டா அரை நாள் விட்டுப்போகுது, சில சமயம் லட்சக்கணக்குல சம்பளம் வருது. என்ன தப்பு?

கட்டத்தில் ½ என்ற குறியைப் போட்டால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கூட்டலில் சேர்க்காது. அந்த அரை நாள் போய்விடும். 1/2 என்று அடித்தால் தேதி என்று நினைத்துக்கொள்ளும், உள்ளே அது 45,000-க்கு மேல் உள்ள ஒரு எண். லட்சக்கணக்கு அங்கிருந்துதான் வருகிறது, பார்க்கப்போனால் கோடியையும் தொடும். 0.5 என்றுதான் அடிக்க வேண்டும்.

A பெயர், B ரேட், C முதல் H வரை திங்கள் முதல் சனி, K செலவுக் காசு, N பழைய பாக்கி, O பேசிய தவணை என்று வைத்துக்கொண்டால் மற்றவை இப்படி:

```
I2  =SUM(C2:H2)
J2  =B2*I2
L2  =MAX(0,MIN(N2+0,O2+0,J2/2-K2))
M2  =J2-K2-L2
P2  =N2-L2
```

L2-இல் இருப்பதுதான் பாதி வரம்பு. தவணை, பாக்கி, பாதிக் கூலியில் செலவுக் காசு போக மீதி, இந்த மூன்றில் எது குறைவோ அதை மட்டும் அது பிடிக்கும். மேலே சொன்ன காய்ச்சல் வாரத்துக்குப் போட்டுப் பாருங்கள், 1,150 வரும். அடுத்த வாரத் தாளில் N-க்கு இந்த வாரத்து P-ஐ எண்ணாக ஒட்டுங்கள்.

சனிக்கிழமை சில்லறை இல்லாம திண்டாட்டம். எத்தனை நோட்டு வேணும்னு முன்னாடியே தெரியுமா?

தெரியும், ஆனால் மொத்தத்தை வகுத்தால் தெரியாது. ஒவ்வொருவர் தொகைக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். நம் தாளுக்கு 500 ரூபாய் நோட்டு 56, நூறு 7, ஐம்பது 3, இருபது ஒன்று, ஐந்து ரூபாய் ஒன்று. கூட்டினால் 28,875. மொத்தத்தை நேராக வகுத்திருந்தால் 57 ஐந்நூறும் 3 நூறும் என்று வந்திருக்கும், நான்கு நூறு குறைந்து பட்டுவாடா பாதியில் நின்றிருக்கும்.

போனில் அனுப்புகிறவர்களுக்குச் சில்லறைத் தொல்லை இல்லை. ஆனால் ஒருவர் போனுக்கு மூன்று பேர் சம்பளத்தைச் சேர்த்து அனுப்பாதீர்கள், அவரவர் எண்ணுக்கே அனுப்புங்கள். எப்படிக் கொடுத்தாலும் சனிக்கிழமை வேலை முடியும்போதே கொடுத்துவிட வேண்டும். வாரக் கூலி, வார விடுமுறைக்கு முந்தின வேலை நாளிலேயே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் விதியும்.

செட்டுல பாதிப் பேர் கன்னடக்காரங்க, ரெண்டு பேருக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து எப்படி?

ராய்ச்சூர், கலபுரகி பக்கத்து ஆட்களும் தமிழ் மேஸ்திரியின் செட்டில் நிறைய உண்டு. நாம் பட்டுவாடா என்பதை அவர்கள் ‘பட்டவாடெ’ என்பார்கள், முன்பணத்தை ‘முங்கட’ என்பார்கள். எண்களை 1, 2, 3 என்றே எழுதினால் எல்லோராலும் பார்க்க முடியும். நாள், கூலி, செலவு, பிடித்தம், கையில், இனிப் பாக்கி – ஆறு எண்ணையும் அவரவர் மொழியில் வாய்விட்டுச் சொல்லி, காசை எண்ணவிட்ட பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். வெற்றுத் தாளில் முதலில் வாங்கிக்கொண்டு பிறகு எண்ணை நிரப்புவது வேண்டாம். ஆளுக்கும் அவர் வரியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தத் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய, 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும், முந்தின 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அந்த 90 நாளுக்குச் சான்று கொடுக்கும்போது ஆஜர் நோட்டைத்தான் புரட்ட வேண்டியிருக்கும்.

கூட்டல் நேராகல. எங்கே தேடுறது?

தாளைத் திரும்பத் திரும்பக் கூட்டாதீர்கள், வித்தியாசத் தொகையைப் பாருங்கள். அதுவே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். 1,100 இடித்தால் ஒரு கொத்தனாரின் ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது. 375 என்றால் உதவியாளின் அரை நாள். 350 என்றால் ஒரு நாளுக்கு உதவியாள் ரேட்டையும் கொத்தனார் ரேட்டையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள், 175 என்றால் அதே தப்பு அரை நாளுக்கு. 1,000 வித்தியாசம் வந்தால் 500 ரூபாய் செலவுக் காசைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கலாம், இருபக்கமும் அடித்து இரண்டு மடங்காகத் தெரியும். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 18,150-ஐ 18,510 என்று எழுதினால் 360 வரும், அது ஒன்பதின் மடங்கு.

எதிலும் அகப்படவில்லை என்றால் ரேட்டையும் கூலியையும் விட்டுவிட்டு நாளை மட்டும் இரண்டு வழியில் கூட்டுங்கள். ஆள்வாரியாகக் கிடைமட்டமாக 38 வர வேண்டும், கிழமைவாரியாக மேலிருந்து கீழாகவும் 38 வர வேண்டும். இரண்டும் ஒத்து வராத நோட்டில் பிழை ஆஜர் கட்டத்திலேயே இருக்கிறது, அதைத் திருத்தும் வரை காசை எண்ண ஆரம்பிக்காதீர்கள்.